லாகோஸில் லாபம், பிறையில் கடன்

2022 டிசம்பர் கடைசி வாரம். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறையில் உள்ள எங்கள் அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கை மூடிக்கொண்டிருந்தோம். குழுமக் கணக்கில் லாபம் நன்றாகவே தெரிந்தது. அதே வாரம், 28-ஆம் தேதி வங்கித் தவணை கட்டப் பணம் போதாமல், நிரந்தர வைப்பு ஒன்றை முதிர்வுக்கு முன்பே உடைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். லாபம் நைஜீரியாவில் இருந்தது, கடன் பினாங்கில் இருந்தது. நடுவில் டாலர் இல்லை.

நாங்கள் பாட்டில் மூடி செய்யும் கம்பெனி. தண்ணீர் பாட்டில், சமையல் எண்ணெய் பாட்டில் ஆகியவற்றுக்கான பிளாஸ்டிக் மூடிகள். லாகோஸ் அருகே ஒரு துணை நிறுவனம் தொடங்கும் யோசனை 2018-ல் வந்தது. நிதிப் பிரிவில் அந்தத் திட்டத்துக்குக் கணக்குப் போட்டவள் நான்தான். அதனால் அந்தக் கணக்கில் எது விட்டுப்போனது, அது எவ்வளவுக்கு வந்து நின்றது என்பதை என்னால் விவரமாகச் சொல்ல முடியும். வெளிநாட்டில் தொழில் தொடங்க நினைக்கும் நம் ஆட்கள் பலர் இன்றும் நான் அன்று போட்ட அதே கணக்கைத்தான் போடுகிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

தொகைகளை எளிதாகப் புரியும்படி முழு எண்ணாக்கித் தருகிறேன். முதலீடு 12 மில்லியன் ரிங்கிட். அதில் 8 மில்லியன் ரொக்கம், 4 மில்லியன் பிறையிலிருந்து அனுப்பிய இயந்திரங்கள். ஆலை ஓடினால், நைஜீரிய வருமான வரி போக ஆண்டுக்கு 4 மில்லியன் ரிங்கிட் மதிப்பில் ரொக்கம் கையில் நிற்கும் என்று மதிப்பிட்டோம். ஐந்து ஆண்டுகள். ஐந்தாம் ஆண்டு முடிவில் விற்றால் 2 மில்லியன் கிடைக்கும். எங்கள் பணத்துக்கு ஆண்டுக்கு 14 விழுக்காடாவது வர வேண்டும் என்பது முதலாளி வைத்திருந்த கோடு.

எதிர்காலத்தில் வரும் பணத்தையெல்லாம் 14 விழுக்காட்டில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, போட்ட 12 மில்லியனைக் கழித்தால் மீதி 2.77 மில்லியன் வந்தது. அதாவது திட்டம் தன் செலவைத் தந்து, நாங்கள் எதிர்பார்த்த 14 விழுக்காட்டையும் தந்து, அதற்கு மேலும் இன்றைய மதிப்பில் 2.77 மில்லியன் தருகிறது. நைஜீரியாவில் லாப ஈவு அனுப்பும்போது 10 விழுக்காடு பிடித்தம் உண்டு. ஆகவே 4 மில்லியனுக்குப் பதில் 3.6 மில்லியன்தான் பினாங்குக்கு வரும் என்று மாற்றினேன். மீதி 1.40 மில்லியனாகக் குறைந்தது. இன்னும் லாபம்தான்.

கூட்டத்தில் ஒருவர், "நைஜீரியா ஆச்சே, ரிஸ்க்குக்கு ஏதாவது போடுங்க" என்றார். சரி என்று 14-ஐ 18 ஆக்கினேன். அப்போதும் 0.13 மில்லியன் கூடுதலாக நின்றது. நான்கு விழுக்காடு ஏற்றியும் நஷ்டம் வரவில்லை என்றதும் எல்லோருக்கும் நிம்மதி. திட்டம் அன்றே ஒப்புதலானது.

பிழை அந்த இடத்தில்தான் நடந்தது. "ரிஸ்க்" என்று ஒரு சொல்லைச் சொல்லி நான்கு விழுக்காட்டை ஏற்றினோமே தவிர, என்ன நடந்தால் பணம் எந்த மாதத்தில் எவ்வளவு குறையும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஆலை சம்பாதிக்கும் நாளில்தான் பினாங்குக்கும் பணம் வரும் என்று எக்செல்லில் ஒரே வரிசையில் எழுதிவிட்டேன். அவை இரண்டும் வேறு வேறு நாள்கள்.

ஆலை 2019-ல் ஓடத் தொடங்கியது. அந்த ஆண்டு லாபத்தின் ஈவு, பின்னால் சொல்லப்போகும் ஒரு பகுதி தவிர, 2020 தொடக்கத்தில் தாமதமில்லாமல் வந்தது. பிறகு கோவிட் வந்தது, எண்ணெய் விலை சரிந்தது. நைஜீரியாவுக்கு டாலர் வருவதில் பெரும்பகுதி கச்சா எண்ணெயிலிருந்துதான். டாலர் வரத்துக் குறைந்ததும் வங்கிகளில் வரிசை நீண்டது. எங்கள் வங்கிக் கிளையில் விண்ணப்பம் கொடுப்போம், நைராவை ஒதுக்கிக் காட்டுவோம், "அடுத்த ஒதுக்கீட்டில் பார்க்கலாம்" என்று பதில் வரும். மருந்து, மூலப்பொருள், இயந்திரம் ஆகியவற்றை இறக்குமதி செய்பவர்களுக்குக் கொஞ்சமாவது கிடைத்தது. லாப ஈவு கேட்பவர்கள் வரிசையின் கடைசியில் நின்றோம். நாங்கள் மட்டும் அல்ல. டிக்கெட் விற்ற பணத்தை வெளியே எடுக்க முடியாததால் எமிரேட்ஸ் விமான நிறுவனம் 2022-ல் நைஜீரியச் சேவையை நிறுத்தியது. அந்தச் செய்தியைப் படித்த அன்றுதான் இது எங்கள் வங்கிக் கிளையின் சோம்பேறித்தனம் இல்லை, நாட்டின் நிலை என்று எனக்கு முழுதாக உறைத்தது.

முதலாளிக்கு இது புதிதல்ல. "98-ல நம்ம நாடும் கதவைச் சாத்துச்சுல்ல மா?" என்றார். உண்மைதான். 1998 செப்டம்பர் 1-ஆம் தேதி மலேசியா மூலதனக் கட்டுப்பாடுகளை அறிவித்தது. மறுநாள் ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று விலை நிலைநிறுத்தப்பட்டது. ஆனால் அன்று 12 மாதம் வெளியேற முடியாமல் நின்றது பங்குச் சந்தைக்கு வந்த வெளிநாட்டுப் பணம்தான். இங்கே ஆலை வைத்திருந்த வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் லாபத்தையும் ஈவையும் அனுப்புவது தடுக்கப்படவில்லை. அதுவும் எழுதி வெளியிட்ட விதி. நைஜீரியாவில் எங்களைத் தடுத்தது விதி இல்லை. விதிப்படி ஈவு அனுப்பலாம். அனுப்ப டாலர்தான் கிடைக்காது. சட்டத்தை மட்டும் படித்துவிட்டு, "அங்கே லாபத்தைத் தாராளமாக அனுப்பலாம்" என்று அறிக்கை எழுதும் ஆலோசகர்களை நான் இப்போது நம்புவதில்லை. அனுமதி இருப்பது ஒன்று, டாலர் இருப்பது இன்னொன்று.

அடுத்து, தேங்கி நிற்கும் பணத்துக்கு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். "பணம் எங்கேயும் போகலையே, பேங்க்லதானே இருக்கு, வட்டியும் வருது" என்று எங்கள் கூட்டத்தில் பல முறை சொல்லப்பட்டது. நைரா வைப்பில் வரி போக எங்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 6 விழுக்காடு. 2022 முடிவில் அங்கே விலைவாசி உயர்வு 20 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. இப்படி வட்டியை விட விலைவாசி வேகமாக ஏறும் நாட்டில் நாணயத்தின் வெளி மதிப்பு இன்றில்லாவிட்டால் நாளை இறங்கத்தான் செய்யும். ஆண்டுக்கு 15 விழுக்காடு இறங்கும் என்று மிதமாகவே வைத்துக்கொள்வோம். 100 ரிங்கிட் மதிப்புள்ள நைரா வட்டியோடு 106 ஆகிறது. அதில் 15 விழுக்காடு போனால் 90. ஆக, முடங்கிய ஒவ்வோர் ஆண்டும் நூறு தொண்ணூறாகிறது.

ஆலை சம்பாதிப்பதில் எந்தக் குறையும் இல்லை என்று வைத்துக்கொண்டே 2018-ன் கணக்கைத் திருத்திப் பார்ப்போம். முதல் ஆண்டு ஈவு 3.6 மில்லியன் சரியான நேரத்தில் வருகிறது. இரண்டாம், மூன்றாம், நான்காம் ஆண்டு ஈவுகள் முடங்கி, ஐந்தாம் ஆண்டுப் பணத்தோடு மொத்தமாக வருகின்றன. இரண்டாம் ஆண்டின் 3.6 மில்லியன் மூன்று ஆண்டு தேங்கி 2.62 ஆகிறது. மூன்றாம் ஆண்டினது 2.92. நான்காம் ஆண்டினது 3.24. ஐந்தாம் ஆண்டினது குறையாமல் 3.6, விற்ற பணம் 2. ஐந்தாம் ஆண்டு முடிவில் கைக்கு வருவது 14.38 மில்லியன். இதை 14 விழுக்காட்டில் இன்றைக்குக் கொண்டுவந்தால் 7.47 மில்லியன். முதல் ஆண்டு ஈவின் இன்றைய மதிப்பு 3.16 மில்லியன். இரண்டும் சேர்ந்து 10.63. போட்டது 12. மீதி என்று எதுவும் இல்லை, 1.37 மில்லியன் பற்றாக்குறை.

ஒரு மூடிகூடக் குறையாமல் விற்று, ஒரு வாடிக்கையாளரும் போகாமல், 1.40 மில்லியன் கூடுதல் 1.37 மில்லியன் பற்றாக்குறையாக மாறிவிடுகிறது. 18 விழுக்காடு போட்டபோதுகூட இந்த ஓட்டை தெரியவில்லை. அந்த வழியில் ஐந்து ஆண்டுப் பணத்தையும் ஒரே கத்தியால் கொஞ்சம் கொஞ்சம் சீவினோம். திருத்திய கணக்கில் முதல் ஆண்டுப் பணத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, நடு ஆண்டுகளின் பணத்தில்தான் பெரிய துண்டு போனது. அதனால் இப்போது விழுக்காட்டை ஏற்றும் வேலையை நான் செய்வதில்லை. 14 அப்படியே இருக்கட்டும். முடக்கத்தைப் பணம் வரும் வரிசையில் ஆண்டு ஆண்டாக எழுதிக் காட்டுகிறேன்.

1.40 கூடுதலிலிருந்து 1.37 பற்றாக்குறை வரை சரிந்த அந்த 2.77 மில்லியன் இழப்பைப் பிரித்துப் பார்த்தது எனக்கு இன்னும் உதவியது. நாணயம் இறங்கவே இல்லை, வைத்த மதிப்பு அப்படியே இருந்து தாமதமாக மட்டும் வந்தது என்று வைத்தால், மீதி 1.40-லிருந்து பற்றாக்குறை 0.32-க்குப் போகிறது. அதாவது தாமதம் மட்டும் தின்றது 1.72 மில்லியன். மதிப்புத் தேய்ந்ததால் போனது 1.05 மில்லியன். எல்லோரும் நாணய வீழ்ச்சியைப் பற்றியே பேசுகிறோம். இந்தக் கணக்கில் அதைவிடப் பெரிய திருடன் தாமதம். நாணயம் நிலையாக உள்ள நாட்டிலும் ஈவு மூன்று ஆண்டு தேங்கினால் திட்டம் நஷ்டத்துக்குப் போகலாம் என்பது அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

இனி, நான் செய்த இன்னொரு தவறு. நைஜீரியாவில் வெளிநாட்டு முதலீடு நுழையும்போது, பணத்தைப் பெறும் வங்கி ஒரு மூலதன இறக்குமதிச் சான்றிதழ் தர வேண்டும். அங்கே எல்லோரும் சிசிஐ என்பார்கள். பணம் வந்த 24 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. பின்னாளில் ஈவையோ மூலதனத்தையோ அனுப்ப அதிகாரபூர்வச் சந்தையில் டாலர் வாங்க அந்தச் சான்றிதழ்தான் சாவி. இயந்திரமாக அனுப்பும் முதலீட்டுக்கும் அது உண்டு. ஆனால் அதற்கு, சரக்குக் கிளம்பும் முன்பே எம் படிவம் என்ற இறக்குமதிப் படிவத்தைத் திறந்து, இது மூலதனமாக வருகிறது, இதற்கு அந்நியச் செலாவணி கேட்கமாட்டோம் என்று காட்டி, கப்பல் ஆவணங்களோடு வங்கியிடம் சான்றிதழ் கேட்க வேண்டும்.

8 மில்லியன் ரொக்கத்துக்குச் சான்றிதழ் ஒழுங்காக வந்தது. 4 மில்லியன் இயந்திரங்களுக்கு எம் படிவம் திறந்தோம், சரக்கு இறங்கியது, சுங்க வரி கட்டினோம், சான்றிதழை யாரும் கேட்டு வாங்கவில்லை. கப்பல் முகவர் அது வங்கி வேலை என்று நினைத்தார், வங்கி நாங்கள் கேட்போம் என்று இருந்தது, நான் அப்படி ஒன்று தனியாக வர வேண்டும் என்றே அறியாமல் இருந்தேன். முதல் ஈவு அனுப்பும்போது லாகோஸ் ஆலையின் கணக்காளர் தம்பி, அவர் தைப்பிங்காரர், அழைத்தார்.

"அக்கா, மூணுல ரெண்டு பங்குக்குத்தான் சான்றிதழ் இருக்குன்னு பேங்க்ல சொல்றாங்க. மிச்சத்துக்கு டாலர் தரமாட்டாங்களாம்."

இயந்திரத்துக்காகக் கொடுத்த பங்குகளின் மீதான ஈவு, அதாவது மூன்றில் ஒரு பங்கு, டாலர் தாராளமாகக் கிடைக்கும் காலத்திலும் அதிகாரபூர்வ வழியில் வெளியே வராது. பின்தேதியிட்டுத் தரும்படி வங்கி மூலம் விண்ணப்பித்தோம், கிடைக்கவில்லை. என் மேசை இழுப்பறையில் அந்த 8 மில்லியனின் சான்றிதழ் நகல் இருக்கிறது. பக்கத்தில் இயந்திரங்களின் கப்பல் ரசீது இருக்கிறது, அதற்கு மேல் வைக்க வேண்டிய ஒரு தாள் இல்லை. அந்த ஒரு தாளின் விலையைப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் பார்த்தேன்.

2022 முடிவில் ஆலையின் கணக்கில் 450 மில்லியன் நைரா தேங்கி நின்றது. அப்போது அதிகாரபூர்வ விலை டாலருக்கு ஏறக்குறைய 460 நைரா. ரிங்கிட்டுக்கு மாற்றினால் தோராயமாக 100 நைராவுக்கு ஒரு ரிங்கிட். ஆகவே எங்கள் குழுமக் கணக்கில் அது 4.5 மில்லியன் ரிங்கிட் ரொக்கம். அதே நேரத்தில் லாகோஸ் வெளிச்சந்தையில் டாலர் 740 நைரா அளவில் விற்றது. அந்த விலையில் அதே பணம் 2.7 மில்லியன்தான்.

வெளிச்சந்தை என்றதும் ஒரு நண்பர் உண்டியல் வழியைச் சொன்னார். லாகோஸில் ஒரு வியாபாரியிடம் நைராவைக் கொடுத்தால், பினாங்கில் அவருடைய ஆள் ரிங்கிட்டாகக் கொடுத்துவிடுவார். மறுத்துவிட்டோம். சட்ட விரோதம் என்பது முதல் காரணம். அப்படி வரும் பணத்துக்கு ஈவு என்ற தடயமே இருக்காது, ஆடிட்டரிடமும் வரி அலுவலகத்திலும் அதை எதுவாகக் காட்டுவது என்பது அடுத்தது. ஆனால் வெளிச்சந்தையில் பணத்தை மாற்றாவிட்டாலும் அதன் விலையைக் கவனிக்க வேண்டும். இரண்டு விலைக்கும் உள்ள இடைவெளிதான் வரிசையின் நீளத்தைக் காட்டும் அளவுகோல். இடைவெளி 60 விழுக்காடு என்றால், அதிகாரபூர்வ விலை வெறும் பெயருக்குத்தான் இருக்கிறது, அந்த விலையில் நமக்கு டாலர் கிடைக்காது என்று அர்த்தம். நான் அந்த ஆண்டிலிருந்து நிர்வாகக் குழு அறிக்கையில் இரண்டு மதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் போடத் தொடங்கினேன். மலேசியக் கணக்கியல் தரமும் பிறகு இந்தத் திசைக்கு வந்தது. 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள எம்எஃப்ஆர்எஸ் 121 திருத்தம், நாணயத்தை மாற்ற முடியாத நிலையில் எந்த விலையை எப்படி மதிப்பிட்டோம் என்று காட்டச் சொல்கிறது. குழுமம் பயன்படுத்த முடியாத ரொக்கம் எவ்வளவு என்பதைக் குறிப்பில் எழுத வேண்டும் என்பது எம்எஃப்ஆர்எஸ் 107-ல் முன்பிருந்தே உள்ளது. எங்கள் வங்கி அதிகாரி அந்தக் குறிப்பைத்தான் முதலில் புரட்டிப் படித்தார்.

2023 தொடக்கத்தில் ஒரு வாய்ப்பு வந்தது. லாகோஸில் மூடப்பட்ட ஓர் ஆலையின் மூடி அச்சு இயந்திரம் 300 மில்லியன் நைராவுக்கு விற்பனைக்கு இருந்தது. நைராவிலேயே கொடுக்கலாம், டாலர் தேவையில்லை. அதில் செய்யும் மூடிகளைக் கானாவில் உள்ள தண்ணீர் பாட்டில் கம்பெனிகளுக்கு டாலரில் விற்கலாம். செலவெல்லாம் போக ஆண்டுக்கு 0.55 மில்லியன் ரிங்கிட் மதிப்பில் டாலர் பினாங்குக்கு வரும் என்று மதிப்பிட்டோம், ஐந்து ஆண்டுகளுக்கு. அதன் இன்றைய மதிப்பு 1.89 மில்லியன். இயந்திரத்தின் விலை அதிகாரபூர்வ மதிப்பில் 3 மில்லியன். 1.1 மில்லியன் நஷ்டம். முதலாளி கோப்பை மூடிவிட்டார்.

அன்று இரவு பட்டர்வொர்த்துக்கு வீடு திரும்பும் வழியில் எனக்கு அந்த 3 மில்லியன் உறுத்தியது. அந்தப் பணம் எங்கள் கையில் 3 மில்லியனாக இருக்கிறதா? இயந்திரம் வாங்காவிட்டால் அது எங்களுக்கு என்னவாகக் கிடைக்கும் என்பதுதானே அதன் உண்மையான விலை? இன்னும் இரண்டு ஆண்டு தேங்கும் என்று வைத்தேன். 3 மில்லியன் இரண்டு ஆண்டில் 2.43 ஆகும். 10 விழுக்காடு பிடித்தம் போக 2.19. இரண்டு ஆண்டு 14 விழுக்காட்டில் இன்றைக்குக் கொண்டுவந்தால் 1.68 மில்லியன். அப்படியானால் இயந்திரத்துக்காக நாங்கள் விட்டுக்கொடுப்பது 3 மில்லியன் இல்லை, 1.68 மில்லியன். வருவது 1.89. இரண்டு லட்சம் கூடுதலாக நிற்கிறது. சான்றிதழ் இல்லாத பங்குகளின் பகுதியையும் சேர்த்துப் பார்த்தால் விட்டுக்கொடுப்பது இன்னும் குறைவு. கவனமாக இருக்க அதை நான் சேர்க்கவில்லை.

மறுநாள் காலை அந்த ஒரு பக்கத்தை முதலாளியிடம் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார்.

"அப்ப அங்க கெடக்குற காசு வேற, இங்க இருக்கிற காசு வேறன்னு சொல்ற?"

"ஆமா பாஸ். அங்க கெடக்குற ஒரு ரிங்கிட்டு நமக்கு இங்க அம்பத்தாறு காசு."

"அப்ப வாங்குவோம்."

முடங்கிய பணத்தைச் செலவழிக்க ஒரு வழி தேடும்போது, இந்தக் கணக்கு எதையும் நியாயப்படுத்திவிடும் ஆபத்தும் உண்டு. 56 காசு என்ற கணக்கைக் கேட்டதும் லாகோஸில் நிலம் வாங்கலாம், கட்டடம் வாங்கலாம் என்று யோசனைகள் வந்தன. நிலத்தின் மதிப்பு நைராவில் ஏறலாம், ஆனால் விற்றால் திரும்பவும் அதே நைரா, அதே வரிசை. இயந்திரத்தை நான் ஆதரித்ததற்குக் காரணம் அது நைராவைத் தின்று டாலரைத் தந்தது. நைஜீரியாவில் எண்ணெய் அல்லாத ஏற்றுமதியின் பணத்தை 180 நாளுக்குள் நாட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்பது விதி. ஏற்றுமதிக்கான என்எக்ஸ்பி படிவத்தோடு ஒழுங்காகக் கொண்டுவந்தால், அது நம் வெளிநாட்டு நாணயக் கணக்கில் டாலராகவே நிற்கும். அதிலிருந்து பினாங்குக்குத் தர வேண்டிய வண்ணக் குருணைக்கான பணத்தைக் கட்டினோம், மீதியில் ஒரு பகுதியை முறைப்படி ஈவாக அனுப்பினோம். வரிசையில் நிற்கும் வேலையே இல்லை.

கானாவும் பூந்தோட்டம் இல்லை. 2022 டிசம்பரில்தான் அந்த நாடு தன் வெளிநாட்டுக் கடனில் பெரும்பகுதியைக் கட்டுவதை நிறுத்தியிருந்தது. அங்கேயும் வாங்குபவர்களுக்கு டாலர் தட்டுப்பாடு. ஆகவே பாதிப் பணம் முன்னதாக வராமல் லாரியில் ஏற்றமாட்டோம் என்று விதி வைத்தோம். அதனால் நினைத்த அளவு விற்கவில்லை, முதல் ஆண்டு மதிப்பிட்டதில் முக்கால்வாசிதான் வந்தது. அந்த வேகமே நீடித்தால் இரண்டு லட்சம் கூடுதல் மறைந்து, கொஞ்சம் பற்றாக்குறையாகிவிடும். இதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் வாங்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் தெரிந்துவிட்டது. 2023 ஜூன் 14-ஆம் தேதி நைஜீரிய மத்திய வங்கி பல விலைகளை ஒன்றாக்கி நைராவைத் தளர்த்தியது. சில வாரங்களில் டாலர் 750 நைராவைத் தொட்டது, அதாவது முந்தைய வெளிச்சந்தை விலைக்கே அதிகாரபூர்வ விலை வந்து சேர்ந்தது. 2024 பிப்ரவரியில் 1,500 அளவுக்குப் போனது. ஆண்டுக்கு 15 விழுக்காடு என்ற என் அனுமானம் மிகவும் இரக்கமானது என்று அப்போது புரிந்தது. நாணயம் படிப்படியாக இறங்குவதில்லை. கட்டி வைத்திருக்கும் வரை அசையாமல் நிற்கும், ஒரு நாள் அணை உடைந்தது போல இறங்கும். இயந்திரத்துக்குக் கொடுத்த 300 மில்லியன் நைராவும் வங்கியிலேயே இருந்திருந்தால், அதன் மதிப்பு ஒரு மில்லியன் ரிங்கிட்டுக்கும் கீழே போயிருக்கும்.

மீதி 150 மில்லியன் நைரா அந்த வீழ்ச்சி முழுவதையும் வாங்கிக்கொண்டது. 2024 மார்ச்சில், தேங்கியிருந்த செல்லுபடியாகும் டாலர் கோரிக்கைகளைத் தீர்த்துவிட்டதாக மத்திய வங்கி அறிவித்தது. அந்த ஆண்டின் நடுவில் எங்கள் முறையும் வந்தது. 150 மில்லியனில் சான்றிதழ் உள்ள பங்குகளுக்கானது 100 மில்லியன். 10 விழுக்காடு பிடித்தம் போக 90 மில்லியன். பிறைக்கு வந்து சேர்ந்தது சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் ரிங்கிட். 2022 முடிவின் அதிகாரபூர்வ விலையில் அது 9 லட்சம். சான்றிதழ் இல்லாத 50 மில்லியன் நைரா ஆலையின் அன்றாடச் செலவுக்கே போனது.

அதன் பிறகு வந்த எந்த வெளிநாட்டுத் திட்டத்துக்கும் நான் இரண்டு தனி அட்டவணை போடுகிறேன். முதலாவது, ஆலை அந்த நாட்டில் என்ன சம்பாதிக்கும் என்பது. இரண்டாவது, பினாங்கு வங்கிக் கணக்கில் எந்த ஆண்டு எவ்வளவு விழும் என்பது. இரண்டாவதில் எல்லா ஆண்டும் தடையின்றி வந்தால் ஒரு வரி, நடு மூன்று ஆண்டு முடங்கினால் ஒரு வரி, கடைசி வரை வராமலே போனால் ஒரு வரி. முடக்க வரியிலும் திட்டம் நின்றால் நிம்மதியாகப் போகலாம். நிற்காவிட்டால், முதலீட்டைச் சிறிதாக்கித் தொடங்க முடியுமா, உள்ளூர் வங்கிக் கடனை உள்ளூர் நாணயத்திலேயே வாங்கி அந்த நாட்டு லாபத்தில் கட்ட முடியுமா என்று பார்க்கிறோம். 12 மில்லியனில் பாதியை நைராக் கடனாக வாங்கியிருந்தால், தேங்கிய நைராவால் அதை அடைத்திருக்கலாம், நான் பிறையில் வைப்பை உடைத்திருக்க வேண்டாம். உள்ளூர் வட்டி அதிகம் என்று அன்று வேண்டாமென்றோம். அந்த வட்டி நாங்கள் இழந்ததைவிடக் குறைவு.

பினாங்கிலிருந்து பங்குக்குப் பதில் கடனாகக் கொடுத்திருந்தால் தப்பித்திருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். கடன் என்றால் லாபம் வராத ஆண்டிலும் தவணை கேட்கலாம், வட்டி செலவாகக் கழிவதால் வரி குறையும். ஆனால் அதைத் திருப்பி அனுப்பவும் அதே டாலர்தான் வேண்டும், அதே சான்றிதழ்தான் வேண்டும். தட்டுப்பாட்டுக் காலத்தில் அது வரிசையில் இரண்டு மூன்று இடம் முன்னே நிற்க உதவும், அவ்வளவுதான்.

போன மாதம் இன்னொரு நாட்டில் ஆலை வைக்கும் யோசனை மேசைக்கு வந்தது. முதலாளி கோப்பைத் திறந்ததும் லாபப் பக்கத்தைப் புரட்டவில்லை. "ரெண்டாவது அட்டவணை எங்க மா?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். முடக்க வரியில் விரலை வைத்து ஆண்டு ஆண்டாகப் படித்துக்கொண்டு போனார்.